இரட்டைத் தொட்டி சிங்க்: ஒரு பக்கத் தண்ணீர் மறுபக்கம் ஏறினால் அடைப்பு எங்கே?

இடது தொட்டியில் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டால், வலது தொட்டியின் ஜாலி வழியே பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்குமாகத் தண்ணீர் மேலே வருகிறது. பெரும்பாலான வீடுகளில் உடனே நடப்பது என்ன? வலது தொட்டியில்தானே தண்ணீர் நிற்கிறது என்று அந்த ஜாலியைக் குச்சியாலோ துடைப்பக் குச்சிக் கட்டாலோ குத்துவார்கள். அதற்கும் மசியாவிட்டால் கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியைக் கொட்டுவார்கள். இரண்டுமே அடைப்பு இல்லாத இடத்தில் செய்யும் வேலை.

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்தத் தண்ணீரே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. இடது தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கியது. அப்படியானால் இடது கிளைக் குழாயில் அடைப்பு இல்லை. வலது தொட்டிக்கு அது ஏறி வந்தது. ஆகவே வலது கிளையும் திறந்தே இருக்கிறது. தண்ணீர் போக முடியாமல் திரும்பியது, இரண்டு கிளைகளும் கூடும் இடத்துக்கு அப்பால் எங்கோ. கீழே போக வழியில்லாத தண்ணீருக்கு அடுத்த தாழ்வான வாய் மறுதொட்டியின் ஜாலிதான். ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்று, மறுதொட்டி தாராளமாக வடிந்தால் கதை வேறு. அப்போது நிற்கும் தொட்டியின் கிளையில்தான் அடைப்பு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தொட்டி நிறையத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் திறந்தால், கூடும் இடத்தில் மோதும் வேகத்தில் மறுபக்கம் ஒரு கை அளவு எழும்பி, சில நொடிகளில் இறங்கிவிடலாம். அடைப்பு இல்லாத குழாயிலும் இது நடக்கும். குழாயைப் பாதி திறந்து மெதுவாகத் தண்ணீர் விட்டாலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால்தான் அடைப்பு.

இனி தேட வேண்டியது கூடும் இடத்திலிருந்து தெருச் சாக்கடை வரையுள்ள நீளத்தில் எந்த இடம் என்பதை.

முதலில் அடைப்பு உங்கள் வீட்டுடையதா என்று பாருங்கள்

அடுக்குமாடியில் இருப்பவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். இரண்டு தொட்டிகளையும் மக்கால் மொண்டு காலி செய்துவிட்டு, ஒரு மணி நேரம் சிங்க்கில் தண்ணீரே திறக்காமல் இருங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீர்க் குழல் சிங்க்கிலோ அதன் வேஸ்ட் பைப்பிலோ விழுகிறது என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள். அந்த மெல்லிய குழலை மறந்துவிட்டு, யாருமே தண்ணீர் திறக்கவில்லையே, எப்படி நிரம்பியது என்று குழம்புகிறவர்கள் உண்டு.

நீங்கள் எதுவும் திறக்காமலே தொட்டியில் தண்ணீர் ஏறினால், அது மேல்வீட்டாரின் தண்ணீர். கட்டடத்தின் பொது நெடுங்குழாய் உங்கள் தளத்துக்குக் கீழே அடைபட்டிருக்கிறது. மேலே இருப்பவர்கள் கழுவுவதெல்லாம் வழியில் கிடைக்கும் முதல் திறப்பான உங்கள் சிங்க்கில் எழும்பும். தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் இருப்பவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள். இந்த நிலையில் சிங்க்குக் கீழே எதையும் கழற்றாதீர்கள். கழற்றினால் மாடி முழுவதின் கழிவும் உங்கள் சமையலறைத் தரைக்கு வந்துவிடும். சங்கத்துக்குச் சொல்லி, மேல்வீட்டார் தண்ணீர் விடாமல் நிறுத்தி, பொதுக் குழாயைத் திறந்து எடுக்க வைப்பதுதான் வழி.

தண்ணீர் ஏறவில்லை என்றால் அடைப்பு உங்கள் வீட்டுக் குழாயில்தான். மேலே படியுங்கள்.

கீழே குனிந்து, குழாய்கள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள்

சிங்க்குக் கீழே ஒரு டார்ச்சுடன் உட்காருங்கள். நம் ஊர் வீடுகளில் பொதுவாக இரண்டு அமைப்புகள்தான் இருக்கும்.

முதல் அமைப்பில் இரண்டு தொட்டிகளின் கப்ளிங்கிலிருந்தும் வரும் குழாய்கள் ஒரு டீ வடிவ இணைப்பில் கூடி, அதற்குப் பிறகு ஒரே பாட்டில் டிராப்பில் இறங்கி, அங்கிருந்து சுவருக்குள் போகும். பாட்டில் டிராப் என்பது கீழே உருளையாகத் தொங்கும், கையால் திருகிக் கழற்றக்கூடிய அடிக்கிண்ணம் கொண்ட உறுப்பு. சாக்கடை வாடை ஏறாமல் அதில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். இந்த அமைப்பில் டிராப் கூடும் இடத்துக்கு அப்பால் இருப்பதால், அதுதான் முதல் சந்தேகத்துக்கு உரியது.

இரண்டாவது அமைப்பில் தொட்டிக்கு ஒன்றாக இரண்டு பாட்டில் டிராப் இருக்கும். இரண்டிலிருந்தும் நெளிகுழாய் வந்து, சுவரருகே ஒரு இணைப்பில் கூடும். இங்கே தண்ணீர் ஒரு டிராப்பில் இறங்கி மற்றொரு டிராப் வழியாக ஏறித்தான் மறுதொட்டிக்கு வந்திருக்கிறது. ஆகவே இரண்டு டிராப்பும் அடைப்பில்லாதவை. அவற்றைக் கழற்றிக் கையை நாறடித்துக்கொள்ள வேண்டியதில்லை, நேரே சுவர் வாயிலுக்குப் போகலாம். பிளம்பர் வந்தவுடன் இரண்டு டிராப்பையும் கழற்ற ஆரம்பித்தால், ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.

குனிந்த நிலையிலேயே இன்னொன்றையும் பாருங்கள். நெளிகுழாயின் முனை சுவரிலோ தரையிலோ உள்ள பி.வி.சி. குழாய்க்குள் எப்படிச் செருகப்பட்டிருக்கிறது? பல வீடுகளில் ரப்பர் வளையம்கூட இல்லாமல் சும்மா சொருகி வைத்திருப்பார்கள். அப்படித் தளர்வாக இருந்தால் அது உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி. தளர்ந்த இணைப்பு தொட்டியைவிடத் தாழ்வாக இருக்கிறது. சுவருக்குள் அடைப்பு என்றால் தண்ணீர் தொட்டி வரை ஏறக் காத்திருக்காது, அந்த இடுக்கின் வழியே முதலில் தரையில் வழியும். தளர்ந்த இணைப்பு காய்ந்து கிடக்க, மேலே தொட்டியில் மட்டும் தண்ணீர் ஏறினால், அடைப்பு அந்த இணைப்புக்கு முன்னால், அதாவது டிராப்பிலோ நெளிகுழாயிலோ இருக்கிறது. மாறாக, தரை நனைந்தால் அடைப்பு உள்ளே. இணைப்பு சிலிகான் போட்டு இறுக்கமாக இருந்தால் இந்தச் சாட்சி கிடைக்காது.

மக்கால் அளந்து ஊற்றுங்கள்

எதையும் கழற்றாமல் அடைப்பின் தூரத்தை ஓரளவு கணிக்க ஒரு வழி இருக்கிறது. இரவு முழுக்க சிங்க்கைப் பயன்படுத்தாமல் விடுங்கள். சமையலறை அடைப்புகள் பெரும்பாலும் முழு அடைப்பு அல்ல. கசிந்து கசிந்து காலைக்குள் குழாய் காலியாகிவிடும். பிறகு லிட்டர் அளவு தெரிந்த ஒரு மக்கால், ஒரு தொட்டியில் மட்டும், நிதானமாகவும் இடைவிடாமலும் ஊற்றுங்கள். மறுதொட்டியின் ஜாலியில் தண்ணீர் தலைகாட்டும்போது நிறுத்தி, எத்தனை லிட்டர் ஆயிற்று என்று கணக்கிடுங்கள். அவ்வளவும் குழாய்க்குள் நிற்கிறது.

சிங்க்குக் கீழுள்ள 32 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் பிடிக்கும். சுவருக்குள் இருக்கும் 50 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 1.7 லிட்டர். 75 மி.மீ. குழாயாக இருந்தால் 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு லிட்டருக்குள்ளேயே மறுதொட்டியில் தண்ணீர் தெரிந்துவிட்டால் அடைப்பு சிங்க்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில். நாலைந்து லிட்டர் உள்ளே போனபின் ஏறினால் அது சுவருக்குள், சில அடி தள்ளி. ஒரு பக்கெட்டுக்கு மேல் போனால் அடைப்பு வீட்டைத் தாண்டி வெளிக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கலாம்.

இது துல்லியமான அளவல்ல. ஊற்றும்போதே அடைப்பின் வழியே கொஞ்சம் கசிந்து போகும், அதனால் கணக்கு உண்மையைவிடத் தூரமாகவே காட்டும். காலையிலும் தொட்டியில் தண்ணீர் நின்றால் அது முழு அடைப்பு. குழாய் ஏற்கனவே நிரம்பியிருப்பதால் இந்தக் கணக்கு செல்லாது. அடுத்த சோதனைக்கு நேராகப் போங்கள்.

டிராப்பைக் கழற்றி, பாதையை இரண்டாகப் பிரியுங்கள்

தொட்டிகளில் நிற்கும் தண்ணீரை முதலில் மொண்டு எடுத்துவிடுங்கள். கீழே ஒரு வாளி, சுற்றிலும் பழைய துணி. ஏற்கனவே அடைப்பு நீக்கும் பொடி போட்டிருந்தால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கழற்றவே கூடாது. அந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அது தேங்கிய தண்ணீரில் கரைந்து உங்கள் முகத்துக்கு நேராக வந்து விழும். இதன் மேல் ஆசிட்டை ஊற்றிப் பார்க்கும் வேலை இன்னும் ஆபத்து, சூடேறித் தெறிக்கும்.

பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். வழுக்கினால் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். இடுக்கியை அழுத்தினால் பிளாஸ்டிக் விரியும். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியான களிம்பு நிறைந்து வாய்வரை இருந்தால் குற்றவாளி அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடியில் நாலு பருக்கையும் கொஞ்சம் மண்டியும் மட்டும் இருந்தால் அது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதைக் கழுவிவிட்டு வேலை முடிந்தது என்று திரும்ப மாட்டிவிடாதீர்கள்.

இப்போதுதான் முக்கியமான சோதனை. கிண்ணம் கழற்றிய நிலையில், வாளியைக் கீழே வைத்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் தடையில்லாமல் வாளியில் விழுந்தால் மேல்பாதி சுத்தம். அடுத்து டிராப்பிலிருந்து சுவருக்குப் போகும் நெளிகுழாயை இரண்டு முனையிலும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் நெளிவுகளில்தான் எண்ணெய் படிந்து வளையம் வளையமாகத் தடிக்கும். குழாய் நீளமாக இருந்து நடுவில் தொய்ந்திருந்தால், அந்தத் தொய்வில் எப்போதும் தண்ணீர் நின்று இன்னொரு டிராப் போலவே வேலை செய்யும். இரண்டு தண்ணீர்த் தேக்கத்துக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொண்டால், அடைப்பே இல்லாமலும் தண்ணீர் களக் களக்கென்று தயங்கித்தான் வடியும். நெளிகுழாயின் முனையைச் சுவரிலிருந்து உருவி வாளிக்குள் விட்டுத் தண்ணீர் திறந்தால் சட்டென்று வடிகிறது, திரும்பச் சொருகினால் தயங்குகிறது, ஆனால் சுவர்க் குழாய் தனியே நன்றாக வாங்குகிறது என்றால் காரணம் அதுதான். குழாயை வெட்டிக் குறைத்து நேராக்கினால் போதும்.

நெளிகுழாயைத் தேவைக்கு மேல் உள்ளே தள்ளியிருப்பதும் உண்டு. சொருகும்போது ‘இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டும்’ என்று ஒரு அடி வரை தள்ளிவிடுவார்கள். அதன் முனை உள்ளே எல்போ என்னும் வளைவு இணைப்பின் சுவரில் போய் முட்டி நிற்கும். தண்ணீர் ஒரு கீற்றாகத்தான் போகும், பருக்கை அங்கேயே தங்கும். உருவும்போது எவ்வளவு நீளம் உள்ளே இருந்தது என்று கவனியுங்கள். மூன்று, நான்கு அங்குலம் போதுமானது.

கடைசியாக, சுவர்க் குழாயின் வாயில் ஒரு புனலை வைத்தோ, துண்டு ஓஸைச் செருகியோ மூன்று நான்கு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முழுவதும் வாங்கிக்கொண்டால் சுவர்ப் பக்கம் திறந்திருக்கிறது, கழற்றி வைத்த பாகங்களில்தான் அடைப்பு. வாய்வரை எழும்பி நின்றால் அடைப்பு சுவருக்குள்.

சுவருக்குள் என்றால், எந்தத் துண்டில்?

சமையலறையை ஒட்டிப் பாத்திரம் துலக்கும் இடமோ துணி துவைக்கும் இடமோ இருந்தால், அங்கே தரைத் தண்ணீர் வடிய ஜாலி போட்ட ஒரு நஹானி டிராப் இருக்கும். பல வீடுகளில் சிங்க் குழாயும் அதுவும் ஒரே குழாயில் சேரும். சிங்க்கில் தண்ணீர் விடும்போது அந்தத் தரை ஜாலியில் தண்ணீர் எழும்புகிறதா என்று ஒருவரை அங்கே நிற்க வைத்துப் பாருங்கள். எழும்பினால் அடைப்பு அவை சேரும் இடத்துக்கு அப்பால். எழும்பாமல், அங்கே தனியாக ஒரு வாளி ஊற்றினாலும் தாராளமாகப் போனால், அடைப்பு சிங்க்குக்கும் சேரும் இடத்துக்கும் நடுவில். முதலில் இரண்டு தொட்டிகளை வைத்து யோசித்த அதே முறைதான். தனி வீட்டில் இதற்கு அடுத்த எல்லை வெளியே இருக்கும் சேம்பர். மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கும் அப்பால், தெருப் பக்கம். சேம்பர் வற்றியிருக்க, சிங்க்கில் தண்ணீர் நின்றால் இடைப்பட்ட குழாயில்.

தாம்பரம் பக்கம் இரண்டாம் தளத்தில் இருக்கும் ஒரு உறவினர் வீட்டில் இதை வரிசையாகச் செய்து பார்த்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவினால் மறுதொட்டி நாலு விரற்கடை நிரம்பும், காலையில் வற்றியிருக்கும். யாரும் திறக்காதபோது ஏறவில்லை. பொதுக் குழாய் இல்லை என்று ஆயிற்று. காலையில் அளந்து ஊற்றியதில் 6 லிட்டர் போன பிறகுதான் மறுபக்கம் தண்ணீர் தெரிந்தது. சிங்க்குக் கீழே உள்ள குழாய்களுக்கு ஒரு லிட்டரைக் கழித்தால் மிச்சம் 5 லிட்டர். சுவரில் இருந்தது 50 மி.மீ. குழாய், ஆக ஏறக்குறைய 3 மீட்டர், பத்தடி. துவைக்கும் இயந்திரம் இருந்த பக்கத்து ஜாலியில் ஒரு சொட்டுகூட எழும்பவில்லை, அங்கே ஊற்றிய வாளித் தண்ணீர் ஒரே இழுப்பில் போனது. சமையலறைச் சுவரிலிருந்து அந்த ஜாலிக் குழாயில் சேரும் வரை சுமார் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடிக்குள், சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் என்று முடிவாயிற்று. அடைப்பெடுக்கும் நீளமான ஸ்பிரிங் கம்பியை விட்டபோது ஒன்பது அடியில் நின்றது. வெளியே வந்தது, இரும்பு நார் ஸ்கிரப்பரின் ஒரு சுருளும், அதைச் சுற்றி மெழுகாக உறைந்த எண்ணெயும், அதில் ஒட்டிய பருக்கைகளும். கணக்குக்கும் கம்பிக்கும் ஒரு அடி வித்தியாசம், ஊற்றும்போது கசிந்த தண்ணீரால்.

இடம் தெரிந்த பிறகு எடுப்பது

அடைப்பு கூடும் இடத்துக்கு அருகில், டிராப்பில் இருந்தால் கழற்றிக் கழுவுவதோடு முடிந்தது. சுவர் வாயிலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் என்றால் பாகங்களைத் திரும்ப மாட்டி, ரப்பர் பிளஞ்சரால் முயலலாம். இரட்டைத் தொட்டியில் பிளஞ்சர் தோற்பதற்கு முக்கியக் காரணம், அழுத்தம் மறுதொட்டி வழியாகத் தப்பிப்பது. ஈரத்துணியைச் சுருட்டி மறுதொட்டியின் ஜாலிமேல் அழுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் பக்கச் சுவரில் வழிந்தோடும் துளை இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். பிளஞ்சரின் வாய் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கட்டும், காற்றை அழுத்திப் பயனில்லை. அழுத்துவதைவிட வெடுக்கென்று இழுப்பதில்தான் அடைப்பு அசையும். பொடி போட்ட தண்ணீர் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அதற்கு மேல் தூரம் என்றால் ஸ்பிரிங் கம்பிதான். அதைத் தொட்டியின் ஜாலி வழியாக விடாதீர்கள், பாட்டில் டிராப்பில் மாட்டிக்கொண்டு திரும்பாது. டிராப்பைக் கழற்றிச் சுவர் வாயில் வழியே விடுங்கள். கணக்கிட்ட தூரத்தில் கம்பியின் மேல் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால், கம்பி நிற்கும் இடம் அடைப்பா, எல்போவா என்று தெரியும். எல்போ ‘டக்’கென்று கெட்டியாக முட்டும், கம்பியைத் திருகிக்கொண்டே தள்ளினால் வளைந்து கடந்துவிடும். எண்ணெய் அடைப்பு மெத்தென்று வாங்கும், இழுத்தால் கம்பி நுனியில் கறுப்புக் களிம்பு ஒட்டி வரும். துளைத்தவுடன் நிறுத்திவிட்டால் சின்ன ஓட்டை வழியே கொஞ்ச நாள் ஓடி, மறுபடி அதே இடத்தில் அடைக்கும். கம்பியை முன்னும் பின்னும் பல முறை இழுத்து, இடையிடையே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெந்நீர் எண்ணெயை இளக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகித் தொய்யும், இணைப்பும் விடும். கை பொறுக்கும் சூடு போதும்.

எல்லாவற்றையும் மாட்டும்போது கிண்ணத்தின் வாஷர் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே மக்கால் அதே தொட்டியில் ஊற்றிப் பாருங்கள். முன்பு ஏறிய அளவையும் தாண்டி இரண்டு மடங்கு ஊற்றியும் மறுதொட்டி காய்ந்திருக்க வேண்டும். அதன் பின் இரண்டு தொட்டிகளையும் அடைத்து நிரப்பி ஒன்றாகத் திறந்துவிட்டு, கீழே இணைப்புகளைக் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும்.